ஏ.சி. மீது விழுந்த பழி: சத்துவாச்சாரி பியூட்டி பார்லர் ஒன்றின் மின்சுமை

வைகாசி முகூர்த்தம் ஒன்றின் காலையில், சத்துவாச்சாரியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஒரு மாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் பியூட்டி பார்லர் நடத்துபவர். "அண்ணா, மீட்டர் பக்கத்தில் ஏதோ கருகும் வாசனை வருகிறது. மணப்பெண் தலைமுடி ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏ.சி.யை மட்டும் நிறுத்திவிட்டு வேலையை முடிக்கட்டுமா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மெயினையும் இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காட்பாடியிலிருந்து வண்டியை எடுத்தேன்.

அந்த இடத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு அங்கே தையல் கடை இருந்தது. நான்கு மோட்டார் தையல் இயந்திரம், ஓர் இஸ்திரிப் பெட்டி, இரண்டு மின்விசிறி. அதற்கு வீட்டு உரிமையாளர் பெயரில் 2 கிலோவாட் அனுமதித்த ஒருமுனை வணிக இணைப்பு வாங்கப்பட்டிருந்தது. கீழே மாடிப்படிக்கு அடியில் மீட்டர். அங்கிருந்து சுவருக்குள் குழாய் வழியாக, நான்கு ஸ்கொயர், அதாவது நான்கு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிர வயர், ஏறத்தாழ 22 மீட்டர் ஓடி, மாடியில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியை அடைகிறது. தையல் கடைக்கு அது தாராளம். கடை மாறியது, பெயர்ப்பலகை மாறியது, இணைப்பும் வயரும் மட்டும் தையல்காரரிடமே நின்றுவிட்டன.

பார்லர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் பெரிய தொல்லை இல்லாமல் ஓடியிருக்கிறது. மாசி முடிவில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கி மாட்டினார்கள். பங்குனியிலிருந்து, சுமை மீறினால் தானே துண்டிக்கும் மெயின் எம்.சி.பி. விழத் தொடங்கியது. சாதாரண நாட்களில் விழாது. முகூர்த்த நாட்களில் மட்டும், அதுவும் வேலை சூடுபிடித்து அரை மணி, முக்கால் மணி கழித்து விழும். ஏ.சி.யை நிறுத்திவிட்டால் விழுவதில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? எல்லோரும் ஏ.சி.தான் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டார்கள். அழைத்து வந்த ஒரு வயர்மேன் 32 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 40 ஆம்பியர் போட்டுத் தந்தார். அன்றோடு விழுவது நின்றது. மூன்று வாரம் கழித்துக் கருகல் வாசனை.

மாடிப்படிக்கு அடியில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்தபோது காரணத்தின் ஒரு பாதி கண்ணுக்கே தெரிந்தது. நியூட்ரல் வயர் திருகில் சேரும் இடத்தில், கறுப்பு உறை இரண்டு அங்குலத்துக்கு மங்கி, விறைத்து, நகத்தால் சுரண்டினால் சில்லாக உதிர்ந்தது. உள்ளே இருந்த தாமிரம் பளபளப்பை இழந்து ஊதா கலந்த பழுப்பில் இருந்தது. ஃபேஸ் பக்கம் நன்றாகவே இருந்தது. இது வழக்கமாகக் காண்பதுதான். ஃபேஸ் திருகை எல்லோரும் சோதிப்பார்கள், நியூட்ரல் திருகை யாரும் தொடமாட்டார்கள். இரண்டிலும் ஓடுவது ஒரே அளவு மின்னோட்டம் என்பது மறந்துபோகும்.

மறுபாதியைக் கண்டுபிடிக்க அளக்க வேண்டியிருந்தது. கருகிய நுனியை வெட்டி, அப்போதைக்கு இறுக்கினேன். மணப்பெண்ணின் தலையை ஒரே ஒரு டிரையரில் உலர்த்தி அனுப்பினார்கள். அடுத்த முகூர்த்தம் நான்கு நாளில் வந்தது. அன்று காலை, வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு போய், படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். என் யோசனைப்படி எல்லாரும் வழக்கம் போல வேலை செய்தார்கள். ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் உச்சச் சுமையை ஓட விடவில்லை.

ஒவ்வொரு சாதனத்தின் பின்னாலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துக் கூட்டினால் இப்படி வருகிறது. கையில் பிடிக்கும் டிரையர்கள் இரண்டு, ஒன்று 2000 வாட், மற்றது 1800. தலை கழுவும் இடத்தில் உடனடியாகச் சூடாக்கும் கீசர் 3000. ஏ.சி. முழு வேகத்தில் 1700. முகத்துக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமர் 700. புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்துக் கொடுப்பதற்கான இஸ்திரிப் பெட்டி 1000. வாக்ஸ் ஹீட்டர் இரண்டும் சேர்ந்து 200, முடியை நேராக்கும் கருவி 100, விளக்கும் விசிறியும் 300. மொத்தம் 10,800 வாட். அனுமதித்த சுமை 2 கிலோவாட். தமிழ்நாட்டில் ஒருமுனை இணைப்புக்கே வரம்பு 4 கிலோவாட்தான்.

மொத்தத்தைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு வீட்டிலும் இருப்பதை எல்லாம் கூட்டினால் இப்படித்தான் வரும், ஆனால் எல்லாம் ஒன்றாக ஓடாது. பார்லரின் தனிக்குணம் வேறு. மணப்பெண்ணோடு அக்கா, தங்கை, சித்தி என நான்கைந்து பேர் வருகிறார்கள். ஒருத்தி தலை கழுவுகிறாள், அதே நேரம் இன்னும் இருவருக்கு முடி உலர்கிறது, நான்காமவர் ஆவியில் முகம் வைத்திருக்கிறார். முகூர்த்த நேரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே வீட்டில் தற்செயலாக எப்போதோ நேரும் உச்சம், இங்கே முகூர்த்தம் தோறும் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை கட்டாயம் நேர்ந்தே தீரும்.

9.40-க்கு அந்த நிலை வந்தது. கீசர், இரண்டு டிரையர், ஸ்டீமர், ஏ.சி., விளக்குகள். கிளாம்ப் மீட்டர் 38 ஆம்பியர் காட்டியது. இதில் ஏ.சி.யின் பங்கு ஏழரை. கீசர் ஒன்றே பதினொன்றரைக்கு மேல். டிரையர்கள் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட பதினைந்து. பழி சுமந்த ஏ.சி. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் எடுத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஏ.சி.யை நிறுத்தினால் எம்.சி.பி. விழாமல் இருந்தது எப்படி? இங்கேதான் எல்லோரும் ஏமாந்தார்கள். எம்.சி.பி.யில் 32 என்று எழுதியிருப்பதால் 33 ஆம்பியர் ஓடியதும் அது விழுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் ஓர் இரட்டை உலோகப் பட்டை இருக்கிறது. அது சூடேறி வளைந்துதான் விசையைத் தட்டிவிட வேண்டும். சூடேறுவதற்கு நேரம் பிடிக்கும். தர விதியின்படி, எழுதியிருக்கும் அளவைப் போல் 1.13 மடங்கு ஓடினால், ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 32-க்கு இந்த இரண்டு எல்லைகளும் 36, 46 ஆம்பியர். 38 என்பது இந்த இடைவெளிக்குள் விழுகிறது: விழவும் செய்யும், ஆனால் ஆற அமர விழும். அதுவும் இந்தக் கணக்கு 30 டிகிரி வெப்பத்துக்கு. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் மூடிய பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டை முன்பே பாதி வளைந்திருக்கும். அதனால்தான் முக்கால் மணிக் கணக்கு.

ஏ.சி.யைக் கழித்தால் 38 என்பது ஏறத்தாழ 31 ஆகிறது. 32 ஆம்பியர் எம்.சி.பி. அதை நாள் முழுக்கத் தாங்கும். ஆனால் சுவருக்குள் குழாயில் அடைபட்டிருக்கும் நான்கு ஸ்கொயர் வயருக்கு 25 முதல் 30 ஆம்பியர் வரைதான் மதிப்பு. அதாவது ஏ.சி. வருவதற்கு முன்பே, முகூர்த்த நாட்களில் அந்த வயர் தன் எல்லையில் நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், வயருக்கு ஏற்ற எம்.சி.பி. முதலிலேயே போடப்படவில்லை. 40 ஆம்பியருக்கு மாற்றியபோது கடைசிக் காவலாளியையும் அனுப்பிவிட்டார்கள். 38 என்பது 40-க்கு உள்ளேதானே இருக்கிறது. அது ஏன் விழப்போகிறது?

டிரையர் ஏன் பலவீனமானது

வோல்டேஜையும் பார்த்தேன். எதுவும் ஓடாதபோது மீட்டரில் 221. உச்சத்தில் மீட்டரில் 214, மாடி டி.பி.யில் 205. மீட்டருக்கும் மாடிக்கும் நடுவே 9 வோல்ட் காணாமல் போகிறது. 9 வோல்ட், 38 ஆம்பியர்: பெருக்கினால் சுமார் 340 வாட். அந்த 340 வாட்டும் சுவருக்குள் இருக்கும் வயரை மட்டும் சூடாக்குகிறது. அதற்கும் மீட்டர் ஓடுகிறது, பணமும் கட்டுகிறார்கள்.

இந்த 205-க்கு இன்னொரு விளைவு உண்டு. சூடாக்கும் கம்பிச் சுருளில் வோல்டேஜ் குறைந்தால் சக்தி அதன் வர்க்கமாகக் குறையும். 230-க்குச் செய்த 2000 வாட் டிரையர் 205-ல் 1600-க்குக் கீழே வந்துவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு சூடு போய்விட்டது. பார்லர் உரிமையாளர் இதை அளவில்லாமலே கண்டுபிடித்திருந்தார்: "முகூர்த்த நாளில் டிரையரில் காற்று சூடாகவே வருவதில்லை அண்ணா. அதனால்தான் போன மாதம் 1200 வாட்டை மாற்றி 2000 வாட் வாங்கினேன்." நோய்க்கு மருந்தென்று நோயையே வாங்கியிருக்கிறார். பெரிய டிரையர் அதிக ஆம்பியர் இழுக்கிறது, வோல்டேஜ் மேலும் இறங்குகிறது, இருபது நிமிடத்தில் உலர வேண்டிய முடி இருபத்தைந்து நிமிடம் எடுக்கிறது, ஒருவரின் வேலை அடுத்தவரின் வேலை மீது ஏறிக்கொள்கிறது.

ஏ.சி.யின் நடத்தை இதற்கு நேர்மாறு. இன்வெர்ட்டர் ஏ.சி. தனக்கு வேண்டிய சக்தியை எப்படியும் எடுத்துக்கொள்ளும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். அதுமட்டுமல்ல, டிரையரும் ஸ்டீமரும் கக்கும் சூடு அந்த அறைக்குள்ளேயே நிற்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 5 கிலோவாட். இரண்டு டிரையர்கள் மட்டுமே 3 கிலோவாட்டுக்கு மேல் அறைக்குள் கொட்டுகின்றன. எனவே அமைதியான நாளில் பாதி வேகத்தில் முனகிக்கொண்டிருக்கும் ஏ.சி., முகூர்த்தக் காலையில் முழு வேகத்திலிருந்து இறங்கவே இறங்காது. உச்சத்தோடு உச்சம் சேர்வது தற்செயல் அல்ல.

நியூட்ரல் திருகில் ஒரு சோதனை செய்தேன். மீட்டரின் ஒரு முனையை வயரின் தாமிரத்திலும் மறு முனையைத் திருகுக் கட்டையிலும் வைத்தால், நல்ல இணைப்பில் மில்லிவோல்ட் கணக்கில்தான் காட்ட வேண்டும். அங்கே 0.6 வோல்ட். நான் வெட்டி இறுக்கிய பிறகும் அவ்வளவு, ஏனென்றால் திருகும் கட்டையும் ஏற்கெனவே சூட்டில் கெட்டிருந்தன. 0.6-ஐ 38-ஆல் பெருக்கினால் 23 வாட். ஈயம் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் இரும்பு 25 வாட்தான். ஒரு சால்டரிங் இரும்பைச் சுண்டைக்காய் அளவு திருகுக்குள் செருகி, இரண்டு மணி நேரம் எரிய விட்டது போல. தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் கருவி அங்கே 92 டிகிரி காட்டியது. வீட்டு வயரின் பி.வி.சி. உறை 70 டிகிரிக்குச் செய்யப்பட்டது. உடனே சுமையைக் குறைக்கச் சொல்லிவிட்டேன். இந்தச் சோதனையை உயிருள்ள பெட்டியில் செய்வது பழகியவர் கைக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு மூக்கும், நிறம் மாறிய உறையும், சுமை ஏறும்போது மட்டும் மங்கும் விளக்குமே போதிய அடையாளம்.

மாடியில் இன்னொரு இடமும் பழுத்துக்கொண்டிருந்தது. டிரையரின் 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருக ஒரு கன்வர்ட்டர், அது ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அதே பாக்ஸில் இரண்டாவது டிரையரும். 2000 வாட் என்றாலே 230 வோல்ட்டில் எட்டே முக்கால் ஆம்பியர்; ஒற்றை டிரையருக்கே அந்தச் சாக்கெட் போதாது. கன்வர்ட்டரின் வெள்ளை முகம் துளையைச் சுற்றித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அதைக் குப்பையில் போட்டேன்.

ஆடி வரும் வரை

சரியான தீர்வு மும்முனை இணைப்பு என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. அவர் கையெழுத்து வேண்டும். "இத்தனை வருடம் ஓடியதற்கு இப்போது என்ன வந்தது?" என்றார் பெரியவர். அவரிடம் ஆம்பியர் கணக்கெல்லாம் பேசவில்லை. "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கருகிய வயர்த் துண்டைக் கையில் கொடுத்தேன். அவர் வீடும் அதே படிக்கட்டின் மேல்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டார். பார்லர்காரருக்கோ வேறு கவலை: வணிக இணைப்பில் நிலைக்கட்டணம் அனுமதித்த கிலோவாட் கணக்கில் வரும், 2-லிருந்து 11 ஆனால் ஒவ்வொரு பில்லிலும் அது ஏறும். நியாயமான கவலை. அதைக் குறைத்துச் சொல்லி அவரை ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஏறும் என்றே சொன்னேன். இஸ்திரி வேலையை வீட்டுக்கு மாற்றி, கீசரையும் சிறியதாக்கினால் 9 கிலோவாட்டுக்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டும் பார்த்தோம். புடவை மடிப்புக்குத் தனி வருமானம் இருக்கிறது என்பதால் இஸ்திரிப் பெட்டி நின்றது. கீசர் மட்டும் மாறியது.

கீசர் மாற்றம்தான் இந்த வேலையிலேயே மலிவான, பெரிய லாபம். உடனடிக் கீசருக்குத் தண்ணீரைச் சேர்த்து வைக்க இடம் இல்லை. குழாய் திறந்திருக்கும்போது சூடாக்கியாக வேண்டும், அதுவும் டிரையர்கள் ஓடும் அதே நிமிடத்தில். அதற்குப் பதிலாக 15 லிட்டர், 2000 வாட் சேமிப்புக் கீசர் வைத்தோம். 28 டிகிரித் தண்ணீர் 60 டிகிரி ஆவதற்குப் பதினேழு நிமிடம் போதும். எட்டு மணிக்குக் கடை திறந்ததும் போட்டால் எட்டரைக்குள் தயார். அந்த 15 லிட்டரைக் குளிர்ந்த நீரோடு கலந்து 39 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 40 லிட்டருக்கு மேல் வரும். நான்கு தலை கழுவலாம். (சித்திரை, வைகாசியில் பிற்பகலுக்குக் கீசரே வேண்டாம். மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடிவதில்லை. வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

ஆனாலும் ஒன்பதரை மணிக்கு யாராவது கீசரைத் தட்டிவிடுவார்கள். உதவிப் பெண்கள் மூவர். எல்லோரிடமும் எல்லா நேரமும் நினைவூட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கீசரையும் இரண்டாவது டிரையரின் சாக்கெட்டையும் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சில் சேர்த்தேன். கைப்பிடி மேலே இருந்தால் கீசர், கீழே இருந்தால் டிரையர். இரண்டும் ஒன்றாக ஓட வழியே இல்லை. ஜெனரேட்டருக்குப் போடும் அதே சுவிட்ச்தான். இந்த வேலைக்கும் அது பொருந்தும்.

மெயினில் நியூட்ரல் கட்டையை மாற்றி, 40-ஐக் கழற்றிவிட்டு 25 ஆம்பியர் எம்.சி.பி. போட்டேன். தலை கழுவும் இடத்துக்கு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. ஈரக் கையும் கீசரும் சேரும் இடத்தில் அது இல்லாமல் இரண்டு ஆண்டு ஓட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி நினைக்காமல் இருப்பதே நல்லது. இந்த ஏற்பாடெல்லாம் வயரைக் காப்பாற்றும்; அனுமதித்த 2 கிலோவாட்டை மீறுவது மீறுவதாகவே இருந்தது. அதை மறைக்கவில்லை, விண்ணப்பம் போட்ட பிறகே வேலையைத் தொடங்கினேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவரிடமிருந்து மறுபடி அழைப்பு. "அண்ணா, புது எம்.சி.பி. விழுந்துவிட்டது. கெட்டுப்போனதா?" என்ன ஓடியது என்று கேட்டேன். இரண்டு டிரையர், ஏ.சி., ஸ்டீமர், கூடவே இஸ்திரிப் பெட்டி. ஏறத்தாழ 31 ஆம்பியர். கெடவில்லை, இப்போதுதான் முதல்முறையாக வேலை செய்திருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மும்முனை

ஆடியில் முகூர்த்தம் இல்லை, பார்லர் காலி. அந்த மாதத்தில் புது மீட்டரும் மும்முனையும் வந்தன. நான்கு கம்பியும் ஆறு ஸ்கொயரில் இழுத்து, பழைய வயரைக் குழாயிலிருந்து உருவினோம். நடுப்பகுதியில் உறை சாய்ந்து ஒன்றோடொன்று லேசாக ஒட்டியிருந்தது. உருவும்போது தோல் உரிவது போன்ற ஓசை.

மும்முனை வந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. எதை எந்த முனையில் வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றாக ஓடுபவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். முதல் முனையில் கீசரும் இஸ்திரிப் பெட்டியும். இரண்டாவதில் ஒரு டிரையர், ஸ்டீமர், விளக்குகள். மூன்றாவதில் மற்ற டிரையரும் ஏ.சி.யும். டிரையர்கள் இரண்டையும், பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடி என்பதற்காக ஒரே முனையில் போட்டிருந்தால், பழைய கதை சின்ன அளவில் திரும்ப வந்திருக்கும்.

ஓர் அபாயம் மட்டும் மும்முனையில் புதிதாக வருகிறது. ஒருமுனையில் நியூட்ரல் விட்டுப்போனால் எல்லாம் அணைந்துவிடும், அவ்வளவுதான். மும்முனையில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் எதுவும் அணையாது. முனைகளுக்கு நடுவே இருக்கும் 415 வோல்ட்டைச் சாதனங்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும், அதுவும் சமமாக இல்லை. ஒரு முனையில் 2000 வாட் கீசர், இன்னொன்றில் நான்கு எல்.இ.டி. விளக்குகள் என்றால், கீசர் பேருக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, விளக்குகளின் தலையில் 400-ஐ நெருங்கும் வோல்டேஜைத் தள்ளிவிடும். ஒரு நிமிடத்தில் எல்லாம் புகை. ஆகவே நியூட்ரலில் மட்டும் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது; நான்கையும் ஒன்றாக வெட்டும் மெயின்தான் வேண்டும், கூடவே வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கும் ஒரு காப்புக் கருவியும் வைத்தோம். நியூட்ரல் திருகைத் தனியாக இரண்டு முறை இறுக்கிப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து, மெயினை இறக்கிவிட்டு, மறுபடி ஒருமுறை இறுக்கினேன். கால் திருகு இடம் கொடுத்தது.

ஆவணி முகூர்த்தத்தில் அதே படிக்கட்டில், அதே 9.40-க்கு, கிளாம்ப் மீட்டரோடு உட்கார்ந்தேன். மூன்று முனைகளில் 11, 12, 14 ஆம்பியர். மாடியில் 224 வோல்ட். ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வைகாசியில் 38 ஆம்பியர் சுமந்து கருகிய நியூட்ரலில் இப்போது ஓடியது 3-க்கும் குறைவு. மூன்று முனைகளின் மின்னோட்டமும் அங்கே ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. பார்லர்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, டிரையரில் காற்று மிகவும் சூடாக வருகிறது, பழைய 1200 வாட்டையே மறுபடி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.